அட்டவணையா, செய்தித்தாள் பத்தியா? மாற்றும் முன் கேட்கப்படும் கேள்விகள்

பிடிஎஃப் கோப்புகளிலிருந்தும் ஸ்கேன் செய்த பக்கங்களிலிருந்தும் உரையையும் எண்களையும் பிரித்தெடுத்துத் தருவது என் வேலை. பாதியில் கெட்டுப்போய் என்னிடம் வந்து சேரும் கோப்புகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் கெட்டிருக்கின்றன: எதிரில் இருப்பது அட்டவணையா, அடுத்தடுத்த பத்திகளில் ஓடும் உரையா என்று பார்க்காமலேயே மாற்றத் தொடங்கியிருப்பார்கள். அதைச் சுற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

சொற்களை முதலில் வரையறுத்துக்கொள்வோம். செய்தித்தாள் பக்கத்தை நெடுக்காகப் பிரிக்கும் பகுதியையும் பத்தி என்கிறோம், சில வாக்கியங்கள் சேர்ந்த தொகுதியையும் பத்தி என்கிறோம். இங்கே முன்னதற்கு மட்டுமே பத்தி என்ற சொல்லை வைத்துக்கொண்டு, பின்னதைப் பாரா என்று குறிப்பிடுகிறேன். அட்டவணையில் மேலிருந்து கீழே செல்வது நெடுவரிசை, குறுக்கே செல்வது வரிசை, இரண்டும் சந்திக்கும் இடம் கட்டம்.

பார்த்தாலே தெரிந்துவிடுமே, இதில் குழம்புவதற்கு என்ன இருக்கிறது?

நாம் பார்க்கும்போதே வாசித்தும் விடுகிறோம், அதனால்தான் தெரிகிறது. மாற்றும் மென்பொருள் வாசிப்பதில்லை. பெரும்பாலான பிடிஎஃப் கோப்புகளில் "இது அட்டவணை", "இது இரண்டாம் பத்தி" என்ற செய்தியே கிடையாது. இந்த எழுத்துகளைப் பக்கத்தின் இந்த இடத்தில் வை என்ற கட்டளைகள் மட்டுமே அடுக்கப்பட்டிருக்கும். கட்டமைப்புக் குறிகள் இட்டு உருவாக்கப்பட்ட கோப்புகளும் இருக்கின்றன. ஆனால் கைக்கு வரும் கோப்பு அப்படிப்பட்டதாக இருக்கும் என்று நம்பி வேலையைத் தொடங்க முடியாது.

ஆகவே மென்பொருளின் பார்வையில் இரண்டு பத்திக் கட்டுரையும் இரண்டு நெடுவரிசை அட்டவணையும் ஒரே உருவம்தான்: இடப்பக்கம் ஓர் எழுத்துத் திரள், நடுவில் வெற்றிடம், வலப்பக்கம் இன்னோர் எழுத்துத் திரள். இவற்றில் எதுவென்று நாம் சொல்லாவிட்டால் அது ஏதாவது ஒன்றை ஊகித்துக்கொள்ளும். ஊகம் தவறினாலும் பிழைச் செய்தி எதுவும் வராது.

தவறாக எடுத்துவிட்டால் பிறகு திருத்திக்கொள்ள முடியாதா?

தவறு எந்தத் திசையில் நடந்தது என்பதைப் பொறுத்தது. பத்தி உரையை அட்டவணையாக எடுத்துவிட்டால், இடப்பத்தியின் ஒவ்வொரு வரியும் வலப்பத்தியில் அதற்கு எதிரே நிற்கும் வரியோடு ஒரே வரிசையில் அமர்ந்துவிடும். எடுத்துக்காட்டாக:

```
கிணறு தோண்டும்போது முதலில்    |  ஈரம் தென்பட்டதும் வேகத்தைக்
மண்ணின் நிறத்தைப் பார்க்க     |  குறைக்க வேண்டும். சுவர்
வேண்டும். நிறம் மாறும்        |  சரியாமல் இருக்கப் பலகை
இடத்தில் ஈரம் தொடங்கும்.      |  கொடுத்துத் தாங்குவது
```

இரண்டு நெடுவரிசைகளும் தனித்தனியாக இருக்கும் வரை இதை மீட்டுவிடலாம். முதல் நெடுவரிசையை முழுதும் கீழே வரை வாசித்துவிட்டு இரண்டாவதற்குச் செல்ல வேண்டும், அவ்வளவுதான். நடுக்கோடு தொலைந்து "கிணறு தோண்டும்போது முதலில் ஈரம் தென்பட்டதும் வேகத்தைக் மண்ணின் நிறத்தைப் பார்க்க" என்று ஒரே ஓட்டமாகச் சேமிக்கப்பட்டுவிட்டால், ஒவ்வொரு வரியையும் எங்கே வெட்டுவது என்று மனிதர் ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

மறுதிசைத் தவறு இதைவிடக் கொடியது என்பது என் அனுபவம். அட்டவணையைப் பத்தி என்று கருதி எடுத்தால் முதல் நெடுவரிசை முழுவதும் முதலில் வரும், அதன் பின் இரண்டாவது வரும். எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தால் மீண்டும் இணைத்துவிடலாம். நாற்பது வரிசைகளில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் இரண்டாம் நெடுவரிசையில் முப்பத்தொன்பது மதிப்புகளே கிடைக்கும். காலியாக இருந்தது எந்த வரிசை என்பதற்கு அந்த உரையில் சுவடே இருக்காது. மேலிருந்து வரிசையாகப் பொருத்திக்கொண்டே போனால், காலியிடத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு எண்ணும் தனக்குரியதல்லாத பெயரின் எதிரே போய் நிற்கும். பத்தி உரை குலைந்தால் வாசிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். எண்கள் ஒரு படி மேலேறி நிற்பது யார் கண்ணிலும் படாது.

ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எதைச் செய்ய வேண்டும்?

பக்கத்தின் நடுப்பகுதியில் ஏதேனும் ஒரு வரியை எடுத்துக்கொண்டு இரண்டு முறை வாசியுங்கள். முதலில் இடமிருந்து வலமாக, நடு வெற்றிடத்தைத் தாண்டி வாசியுங்கள். பிறகு அதே வரியிலிருந்து நேர்கீழே உள்ள வரிக்கு இறங்கி வாசியுங்கள். குறுக்கே வாசிக்கும்போது ஒரு பொருளைப் பற்றிய செய்தி கிடைத்து, கீழே இறங்கும்போது வேறொரு பொருள் தொடங்கினால் அது அட்டவணை. குறுக்கே வாசித்தால் பொருளற்று, கீழே இறங்கும்போது வாக்கியம் தொடர்ந்தால் அது பத்தி.

```
மண் வகை      துகள் அளவு       நீர் இறங்கும் வேகம்
மணல்         பெரியது          அதிகம்
வண்டல்       நடுத்தரம்         நடுத்தரம்
களிமண்       மிகச் சிறியது      குறைவு
```

இங்கே மணலின் வரிசையையும் களிமண்ணின் வரிசையையும் இடம் மாற்றி வைத்தாலும் ஒரு செய்தியும் கெடாது. மேலே காட்டிய கிணற்று உரையில் இரண்டு வரிகளை இடம் மாற்றினால் வாக்கியமே சிதைந்துவிடும். ஐயம் தீராதபோது நான் மனத்துக்குள் செய்துபார்ப்பது இந்த இடமாற்றத்தைத்தான். தமிழ் அச்சில் இன்னொரு தடயமும் உதவும்: குறுகிய பத்தியில் இடம் போதாதபோது சொல்லை இடைக்கோடு இல்லாமலேயே உடைத்து, மீதியை அடுத்த வரியின் தொடக்கத்தில் வைப்பது வழக்கம். வரி முடிவில் "பார்க்க வேண்" என்றும் அடுத்த வரியில் "டும்" என்றும் கண்டால் அங்கே உரை கீழ்நோக்கி ஓடுகிறது என்று பொருள். ஒரு கட்டத்துக்குள் மட்டும் ஓடுகிறதா, பத்தி முழுவதுமா என்பது மட்டுமே பிறகு பார்க்க வேண்டியது.

ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்துக்கொண்டிருக்க முடியாது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கின்றன. வெற்றிடத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாதா?

பெரும்பாலும் முடியும். பத்தி உரையில் வெற்றிடம் நெடுக்காக மட்டுமே ஓடும். அட்டவணையில் நெடுக்காகவும் குறுக்காகவும் ஓடும். நெடுக்கு வெற்றிடத்தைச் சந்து என்றும், குறுக்கு வெற்றிடத்தைப் பட்டை என்றும் அழைப்போம். இரு பத்திகளுக்கு இடையே மேலிருந்து கீழே வரை ஒரு சந்து இருக்கும். ஆனால் இடப்பத்தியில் ஒரு பாரா முடியும் உயரத்திலேயே வலப்பத்தியிலும் பாரா முடிவதற்குக் காரணம் எதுவும் இல்லை, ஆகவே இரண்டு பத்திகளையும் ஒருசேர வெட்டிச் செல்லும் பட்டை அங்கே அமையாது. அட்டவணையிலோ ஒரு வரிசை முடியும்போது எல்லா நெடுவரிசைகளும் சேர்ந்தே முடிய வேண்டும். அங்கே பட்டை இருந்தே தீரும்.

சந்தின் இரு கரைகளையும் பாருங்கள். இருபுறமும் சீராக்கப்பட்ட பத்தி உரையில் இடப்பத்தியின் வலது ஓரம் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கும், வலப்பத்தியின் இடது ஓரமும் அப்படியே இருக்கும், பக்கத்தில் உள்ள எல்லாச் சந்துகளும் ஒரே அகலத்தில் இருக்கும். அட்டவணையில் ஒரு கட்டத்தில் மூன்றெழுத்து, அடுத்ததில் பத்தெழுத்து என்று இருப்பதால் சந்தின் இடது கரை கடித்தெடுத்தது போல ஒழுங்கற்று இருக்கும், சந்துகளின் அகலமும் ஒன்றுக்கொன்று மாறுபடும். எண்கள் வலது ஓரத்தில் ஒட்டி நிற்பதும் அட்டவணையின் பக்கம் சாயும் அடையாளமே. சீராக்காமல் இடது ஓரம் மட்டும் ஒட்டி அச்சிட்ட பத்திகளில் இந்தக் கரைச் சோதனை வலுவிழந்துவிடும். பட்டைச் சோதனை அப்போதும் நிற்கும்.

இரண்டு பக்கமும் வரிகள் நேருக்கு நேர் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. அப்படியானால் அட்டவணைதானே?

இல்லை. பெரும்பாலானோர் ஏமாறும் இடம் இதுதான். இதழ்களையும் நூல்களையும் வடிவமைப்போர், எல்லாப் பத்திகளின் வரிகளும் ஒரே அடிக்கோட்டு வலையில் அமருமாறு பூட்டிவிடுவது உண்டு. வரிக்கு வரி 12 புள்ளி, அதாவது அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு, என்று வைத்தால் இடப்பத்தியின் ஏழாவது வரியும் வலப்பத்தியின் ஏழாவது வரியும் இம்மி பிசகாமல் ஒரே மட்டத்தில் நிற்கும். அது அழகுக்காகச் செய்யப்படுவது. இரு வரிகளுக்கும் பொருள் தொடர்பு எதுவும் கிடையாது.

ஆகவே வரிமட்டம் பொருந்துகிறதா என்று பார்ப்பதைவிட, வழக்கமான வரி இடைவெளியைவிடப் பெரிய வெற்றிடம் எல்லாப் பத்திகளிலும் ஒரே உயரத்தில் வருகிறதா என்று பாருங்கள். மறுபுறம் மட்டம் பொருந்தாவிட்டால் பத்தி என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அதிலும் ஒரு விலக்கு உண்டு: கட்டத்தின் உயரத்துக்கு நடுவில் உரையை நிறுத்தும் அட்டவணைகளில், மூன்று வரி கொண்ட கட்டத்துக்கு அருகே உள்ள இரண்டு வரிக் கட்டம் அரை வரி தள்ளியே நிற்கும்.

கோடு போட்டிருந்தால் அட்டவணை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக் கட்டங்களை உருவாக்கினால் எடுத்துக்கொள்ளலாம். பத்திகளுக்கு இடையே நெடுக்குக் கோடு இழுப்பது பழைய அச்சு வழக்கம், விளம்பரங்களையும் பெட்டிச் செய்திகளையும் நான்கு பக்கமும் கோடிட்டு அடைப்பதும் அப்படியே. நெடுக்குக் கோடு மட்டும் இருந்து குறுக்குக் கோடு இல்லையென்றால் அது எதையும் நிரூபிக்கவில்லை. ஒரே கட்டம் கொண்ட "அட்டவணை" கிடைத்தால், மென்பொருள் ஒரு விளம்பரத்தின் எல்லையைப் பிடித்துவந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். கோடே இல்லாத அட்டவணைகளும் ஏராளம் என்பதால், கோடு இல்லாததை வைத்தும் முடிவு செய்யக்கூடாது.

ஒரு பக்கத்தை எடுத்து முழுவதும் செய்து காட்ட முடியுமா?

ஓர் இதழின் மூன்றாம் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஏ4 அளவு, பிடிஎஃப் கணக்கில் அகலம் 595 புள்ளி, உயரம் 842 புள்ளி, ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி. மேற்பாதியில் ஒரு தலைப்பும் அதன் கீழ் கட்டுரையும், கீழ்ப்பாதியில் கோடில்லாத ஒரு தொகுதியும் இருக்கின்றன. முதல் வேலை பக்கத்தைக் கூறு போடுவது. பக்கம் முழுவதையும் ஒன்றாகச் சோதித்தால் குறுக்கே நீண்டு கிடக்கும் தலைப்பு எல்லாச் சந்துகளையும் அடைத்துவிடும், சந்தே இல்லை என்ற விடைதான் வரும். ஆகவே தலைப்பை விட்டுவிட்டு, மேலிருந்து 130 முதல் 430 புள்ளி வரை ஒரு கூறு, 470 முதல் 760 வரை இன்னொரு கூறு என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்தச் சொல்லும் தொடாத நெடுக்கு இடங்களைத் தேட வேண்டும். பிடிஎஃப்பில் சொற்கள் நிற்கும் இடங்களைத் தரும் `pdfplumber` என்ற பைதான் நூலகத்தைக் கொண்டு அதைச் செய்யலாம்.

```
import pdfplumber

with pdfplumber.open("idhazh.pdf") as pdf:
    p = pdf.pages[2].crop((0, 130, 595, 430))
    w = p.extract_words()
    for x in range(40, 556, 2):
        if not any(k["x0"] <= x <= k["x1"] for k in w):
            print(x)
```

பக்க எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்குவதால் `pages[2]` என்பது மூன்றாம் பக்கம். ஓரங்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், மேற்கூறில் 204 முதல் 216 வரையும் 380 முதல் 390 வரையும் எண்கள் வருகின்றன. இரண்டு புள்ளிக்கு ஒரு முறை பார்ப்பதால் வரும் சிறு வேறுபாட்டை ஒதுக்கினால், உரை 42–203, 217–378, 392–553 என்று சரிசமமான மூன்று பத்திகளில் நிற்கிறது. ஒவ்வொன்றும் 161 புள்ளி, இரண்டு சந்துகளும் 14 புள்ளி. இதே நிரலில் `crop` வரியின் உயரங்களை மாற்றிக் கீழ்க்கூறுக்கு ஓட்டினால் சந்துகள் 168–214, 262–318, 366–440 என்று மூன்று வெவ்வேறு அகலங்களில் வருகின்றன. அடுத்து `x0`, `x1` ஆகியவற்றுக்குப் பதில் `top`, `bottom` என்றும், `range` எல்லைகளில் கூறின் உயரங்களையும் இட்டு, இம்முறை ஒவ்வொரு புள்ளியாகப் பட்டைகளைத் தேடுகிறோம். எழுத்தின் உயரம் 10 புள்ளி, வரிக்கு வரி 12 புள்ளி என்பதால் மேற்கூறில் வரிகளுக்கு இடையே 2 புள்ளிக் கீற்றுகள் மட்டுமே தென்படுகின்றன. முதல் பத்தியில் 214இலும் இரண்டாம் பத்தியில் 286இலும் பாரா இடைவெளி இருந்தாலும், அருகில் உள்ள பத்திகளின் எழுத்துகள் அந்த உயரங்களை நிரப்பிவிடுவதால் அவை பட்டைகளாக வெளிப்படவில்லை. கீழ்க்கூறில் 20 புள்ளிக்கு ஒரு முறை, 10 புள்ளி அகலமுள்ள பட்டை மூன்று சந்துகளையும் கடந்து இரு ஓரங்களையும் தொடுகிறது. மேலே இருப்பது பத்தி உரை, கீழே இருப்பது அட்டவணை. இனி இரண்டையும் வெவ்வேறு வழியில் எடுக்க வேண்டும்.

நிரல் எழுதத் தெரியாது. வேறு எளிய வழி இருக்கிறதா?

பிடிஎஃப்பை உரையாக மாற்றும் `pdftotext` என்ற கட்டளை இருந்தால் போதும். அதை இரண்டு விதமாக ஓட்டி இரண்டு விடைகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்.

```
pdftotext -f 3 -l 3 -layout idhazh.pdf a.txt
pdftotext -f 3 -l 3 idhazh.pdf b.txt
```

முதல் கட்டளை பக்கத்தின் தோற்றத்தைக் கூடுமானவரை அப்படியே காக்கும். இரண்டாவது பத்திகளைப் பிரித்து வாசிப்பு வரிசையில் தர முயலும். பத்தி உரையாக இருந்தால் இரண்டாம் கோப்பில் வாக்கியங்கள் தடையின்றி ஓடும், அட்டவணையாக இருந்தால் முதல் கோப்பில்தான் பொருள் இருக்கும். முதல் கோப்பில் சந்து தெளிவாகத் தெரிவதை மட்டும் வைத்து அட்டவணை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தோற்றத்தைக் காப்பது அதன் வேலை என்பதால் பத்தி உரையிலும் சந்து அதேபோல் தெரியத்தான் செய்யும். எந்தக் கோப்பை வாசிக்க முடிகிறது என்பதே இங்கே அளவுகோல்.

பிடிஎஃப்பிலிருந்து அட்டவணைகளைப் பிரித்தெடுக்கும் `camelot` நூலகத்தை ஓட்டினேன், துல்லியம் 99 என்று காட்டியது. பிறகும் ஏன் சந்தேகம்?

அந்த எண் வேறொரு கேள்விக்கு விடை. தான் வகுத்துக்கொண்ட கட்டங்களுக்குள் எழுத்துகள் எவ்வளவு ஒழுங்காக அடங்கின என்பதை அது அளக்கிறது. அந்தக் கட்டங்களை வகுத்தது சரியா என்பதை அது கேட்பதே இல்லை. சீராக்கப்பட்ட பத்தி உரையைப் போலக் கட்டங்களுக்குள் ஒழுங்காக அடங்கும் உரை வேறு ஏது? அதனால் வெற்றிடத்தை வைத்துக் கட்டங்களை ஊகிக்கும் அதன் `stream` முறையில் ஒரு கட்டுரைப் பக்கத்தைக் கொடுத்தால் மிக உயர்ந்த மதிப்பெண்ணோடு ஒரு பொய் அட்டவணை கிடைக்கும். முறையின் மீதும் குற்றமில்லை. கொடுத்த பக்கத்தில் அட்டவணை இருக்கிறது என்ற எண்ணத்தில்தான் அது இயங்குகிறது. கிடைத்த முடிவின் முதல் நெடுவரிசையை மட்டும் மேலிருந்து கீழே வாசியுங்கள், வாக்கியமாக ஓடினால் அதை எறிந்துவிடலாம்.

ஒவ்வொரு கட்டத்திலும் நாலைந்து வரி இருக்கிறது. கீழே இறங்கி வாசித்தால் வாக்கியம் தொடர்கிறது, குறுக்கே வாசித்தாலும் பொருந்துகிறது. இது எதில் சேரும்?

இது அட்டவணைதான். முன்பு சொன்ன வாசிப்புச் சோதனை கட்டத்துக்குள் பத்தி என்றும் கட்டங்களுக்கு இடையே அட்டவணை என்றும் சொல்லும், இரண்டுமே உண்மை. இங்கே தொடக்க உயரத்தைப் பாருங்கள். ஒரே வரிசையில் உள்ள கட்டங்கள் பெரும்பாலும் ஒரே உயரத்தில் தொடங்கி வெவ்வேறு உயரத்தில் முடியும். மிக நீளமான கட்டம் முடிந்த பிறகே அடுத்த வரிசை தொடங்கும். அதனால் குட்டையான கட்டங்களின் அடியில் காலியிடம் தேங்கி நிற்கும். பத்தி உரையில் இப்படி நடுவழியில் காலியிடம் தேங்காது. உரை அடி வரை நிரம்பும், கடைசிப் பத்தியில் மட்டும் மீதி இருக்கலாம்.

எடுக்கும்போதும் கவனம் தேவை. வரிக்கு ஒரு வரிசை என்று எடுத்தால் ஒரு கட்டம் ஐந்தாக உடையும். முதலில் பட்டைகளால் வரிசைகளைப் பிரித்து, அதன் பின் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வரிகளைச் சேர்ப்பதே சரி. வரிசைகளுக்கு இடையே தனி இடைவெளி விடாமல் நெருக்கி அச்சிட்டிருந்தால் பட்டைச் சோதனை கைவிடும். அப்போது வரிசை எண்ணோ தேதியோ இருக்கும், எப்போதும் ஒரே வரியில் முடியும் நெடுவரிசை ஒன்றைத் தேடிப்பிடித்து, அதில் புதிய பதிவு தொடங்கும் உயரங்களையே வரிசை எல்லைகளாகக் கொள்வேன்.

பெயரும் எண்ணுமாக ஒரு நீண்ட பட்டியல் மூன்று பத்திகளில் ஓடுகிறது. இதை ஆறு நெடுவரிசை என்று எடுக்கலாமா?

கூடாது. இது இரண்டு நெடுவரிசை கொண்ட ஒரே அட்டவணை. இடம் மிச்சப்படுத்த மூன்றாக மடித்து வைத்திருக்கிறார்கள். சந்தும் பட்டையும் இரண்டுமே இருப்பதால் மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் "அட்டவணை" என்றே தலையாட்டும். காட்டிக்கொடுப்பது தலைப்பு வரிசை: "பெயர், எண், பெயர், எண், பெயர், எண்" என்று ஒரே சொற்கள் திரும்ப வரும். தலைப்பு இல்லையென்றால் அகர வரிசையைப் பாருங்கள். வரிசை கீழ்நோக்கி ஏறி, ஒரு மடிப்பின் அடியிலிருந்து அடுத்த மடிப்பின் தலைக்குத் தாவினால் அது மடித்த அட்டவணை. ஒவ்வொரு மடிப்பையும் தனியாக வெட்டி எடுத்து ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டுங்கள்.

ஸ்கேன் செய்த பக்கத்துக்கும் இதே சோதனைகள் பொருந்துமா?

பொருந்தும், பக்கத்தை நிமிர்த்திய பிறகு. ஒரு பாகை சாய்ந்திருந்தால் 511 புள்ளி அகலத்தில் ஒரு வரி இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குச் செல்வதற்குள் ஏறக்குறைய 9 புள்ளி இறங்கிவிடும் அல்லது ஏறிவிடும். வரிக்கு வரி 12 புள்ளி என்றால் அது முக்கால் வரி. மெல்லிய பட்டைகள் அனைத்தும் அடைபட்டு, உண்மையான அட்டவணையும் பத்தி போலத் தோன்றும். இன்னும் மோசமாக, ஒரு வரிசையின் எண் அடுத்த வரிசையின் பெயரோடு சேரும்.

நிமிர்த்திய பின், படத்திலிருந்து எழுத்தை வாசிக்கும் `tesseract` மென்பொருளைக் கொண்டு வாசிக்கும்போது, `--psm 6` என்று கொடுத்தால் பக்கம் முழுவதையும் ஒரே சீரான தொகுதியாகக் கருதிச் சந்துகளைத் தாண்டி வாசித்துவிடும். பத்தி உரைக்கு அது ஆகாது. `--psm 3` பக்கத்தைத் தானே பகுத்துப் பார்க்கும்.

```
tesseract pakkam.png veli --psm 3 -l tam tsv
```

இது `veli.tsv` என்ற கோப்பில் ஒவ்வொரு சொல்லின் இடத்தையும் `left`, `top`, `width`, `height` என்று தரும்; அவற்றை வைத்துச் சந்தையும் பட்டையையும் மேலே செய்தது போலவே தேடலாம், அளவு மட்டும் படப்புள்ளிகளில் இருக்கும். அதே கோப்பில் உள்ள `block_num` எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அட்டவணையின் நெடுவரிசைகளையும் அது சில வேளைகளில் தனித்தனித் தொகுதிகளாகப் பிரித்துவிடுகிறது.

பழைய எழுத்துருவில் செய்த கோப்பு. நகலெடுத்தால் புரியாத குறிகளாக வருகிறது. எழுத்தையே வாசிக்க முடியாதபோது எப்படிச் சோதிப்பது?

யூனிகோடு அல்லாத எழுத்துருவில் எழுத்தின் அடையாளம்தான் கெட்டிருக்கும். பக்கத்தில் அது நிற்கும் இடம் கெடுவதில்லை. ஆகவே சந்து, பட்டை, கரை ஆகிய மூன்று சோதனைகளும் அப்படியே வேலை செய்யும். வாசிப்புச் சோதனையைத் திரையில் பக்கத்தைத் திறந்து வைத்துக் கண்ணால் செய்துகொள்ளுங்கள். எழுத்து மாற்றத்தையும் இந்த முடிவை எடுத்த பிறகே செய்வது நல்லது.

வேர்ட் கோப்பில் இந்தச் சிக்கல் இருக்காது அல்லவா? அதில் அட்டவணை என்றே குறித்திருக்குமே?

குறித்திருக்கும், ஆனால் அந்தக் குறிப்பு உண்மையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டு பத்தியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கோடில்லாத அட்டவணை ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அரைப்பக்கக் கட்டுரையை ஒட்டிவைப்பவர்கள் பலர். மறுபுறம், உண்மையான அட்டவணையை டேப் விசையை அழுத்தி அழுத்தியே அமைத்திருப்பார்கள். அதில் அட்டவணைக் குறியே இருக்காது.

```
unzip -p kurippu.docx word/document.xml | grep -oE '<w:tbl>|<w:cols[^>]*>'
```

இதில் `<w:tbl>` வந்தால் அட்டவணைக் குறி இருக்கிறது, `<w:cols` வரியில் `w:num="2"` போன்று ஒன்றுக்கு மேற்பட்ட எண் இருந்தால் பத்திகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. `w:num` இல்லாத `<w:cols` பெரும்பாலான கோப்புகளில் சாதாரணமாக வரும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். அட்டவணைக் குறி இருந்து, ஒரே வரிசையும் கட்டத்துக்குள் பல பாராக்களும் இருந்தால் அதைப் பத்தி உரை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் மொழிபெயர்ப்பு என்று அச்சிட்ட நூல். குறுக்கேயும் பொருந்துகிறது, நெடுக்கேயும் தொடர்கிறது. இதை எப்படித்தான் வகைப்படுத்துவது?

வடிவத்தை மட்டும் வைத்து விடை சொல்ல முடியாத ஒரே வகை இதுதான். ஒவ்வொரு பத்தியும் தன்னளவில் தொடர்ந்து வாசிக்கத்தக்க உரை. அதே வேளையில் ஒவ்வொரு பாராவும் எதிர்ப்பக்கப் பாராவோடு இணை சேர்ந்தது. அதனால் பயனைக் கேட்டுத்தான் நான் முடிவு செய்கிறேன். மூலத்தை மட்டும் வாசிக்கத் தர வேண்டுமென்றால் பத்தி உரையாக எடுப்பேன், இரண்டையும் ஒப்பிட வேண்டுமென்றால் பாராவுக்கு ஒரு வரிசை வீதம் அட்டவணையாக எடுப்பேன்.

அட்டவணையாக எடுப்பதற்கு முன் இணைப் பாராக்கள் ஒரே உயரத்தில் தொடங்குகின்றனவா என்று பாருங்கள். அப்படித் தொடங்கினால், நாலைந்து வரிக் கட்டங்களுக்குச் சொன்ன வழியே இதற்கும் போதும். மொழிபெயர்ப்பு நீண்டு, பக்கம் செல்லச் செல்ல இரு புறமும் விலகிப்போயிருந்தால் உயரத்தை நம்ப முடியாது. இரண்டையும் தனித்தனிப் பத்திகளாக எடுத்து, பாராக்களை எண்ணி, எண்ணிக்கை சமமாக இருக்கும் பகுதிகளை மட்டும் இணைக்க வேண்டும். சமமாக இல்லாத பகுதியில் மொழிபெயர்ப்பாளர் எங்கோ ஒரு பாராவை இரண்டாகப் பிரித்திருப்பார் அல்லது இரண்டைச் சேர்த்திருப்பார். அந்த இடத்தை இரு மொழியும் தெரிந்த ஒருவர்தான் கண்டுபிடித்துத் தர முடியும்.